கோடு எங்கிருந்து புறப்படுகிறது? ஒரு கதிர் வரைபடமும் மூன்று வழிகளும்

வெள்ளைப் பலகையில் படம் கோடு கோடாக வரையப்பட்டுக்கொண்டே போக, பின்னணியில் குரல் பாடத்தைச் சொல்லும் வீடியோவை மூன்று வழிகளில் எடுக்கலாம். தாளுக்கு மேலே கேமராவை நிறுத்தி, உண்மையாகவே வரையலாம். வீடியோஸ்கிரைப், டூட்லி போன்ற மென்பொருளில் படங்களைச் சேர்த்து, அதுவே வரைவதுபோல் காட்டச் சொல்லலாம். டேப்லெட்டில் பேனாவால் வரைந்து திரையைப் பதிவு செய்யலாம். வரைந்து முடிந்த படத்தை மட்டும் நிறுத்திப் பார்த்தால் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஓடவிட்டால்தான் தெரியும்.

ஒரே பாடத்தை மூன்று வழியிலும் செய்து பார்த்தேன். குவிலென்சு, குவியத் தொலைவு 10 செ.மீ. லென்சிலிருந்து 30 செ.மீ. தொலைவில் 6 செ.மீ. உயரமுள்ள மெழுகுவர்த்தி. பிம்பம் மறுபக்கம் 15 செ.மீ. தொலைவில், தலைகீழாக, 3 செ.மீ. உயரத்தில் விழ வேண்டும். இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. கதிர் வரைபடத்தில் கோடு வரையும் வரிசையே விளக்கம். முதலில் அச்சு, பிறகு லென்சு, குவியப் புள்ளிகள், மெழுகுவர்த்தி. அதன் நுனியிலிருந்து அச்சுக்கு இணையாக ஒரு கதிர் வந்து லென்சில் வளைந்து குவியத்தின் வழியே செல்லும். இன்னொரு கதிர் லென்சின் மையத்தின் வழியே வளையாமல் செல்லும். இரண்டும் வெட்டும் இடத்தில்தான் பிம்பம். கதிர்களுக்கு முன்பே பிம்பத்தை வரைந்துவிட்டால் மாணவருக்குக் கேள்வியே எழாது; விடை ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருக்கும்.

மென்பொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பலரும் முதலில் போய் நிற்பது அங்கேதான், தவறு கண்ணுக்குப் படாமல் ஒளிந்திருப்பதும் அங்கேதான். இந்த மென்பொருளுக்குக் கதிர், லென்சு என்று எதுவும் தெரியாது. படத்தின் கோடுகளை எண்களாக எழுதிவைக்கும் எஸ்விஜி கோப்பில் உள்ள கோடுகளை, கோப்பில் இருக்கும் வரிசையில், எழுதப்பட்ட திசையில் பின்தொடர்ந்து செல்லும். கைப்படத்தை அதன் முனையில் நகர்த்தும். அவ்வளவுதான். கோடுகளே இல்லாத புகைப்படம் போன்ற படத்தைக் கொடுத்தால், கை குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்துப் படத்தை வெளிக்கொண்டு வரும். எனவே இணையத்தில் கிடைத்த கதிர் வரைபடம் ஒன்றைப் போட்டால் பாடத்தின் வரிசை முழுவதும் கலைந்துபோகும். படத்தை நாமே இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்தாக வேண்டும்.

நான் அப்படித்தான் வரைந்தேன். படம் சரியாக இருந்தது. வீடியோவைப் பார்த்த மாணவி ஒருத்தி, "ஒளி லென்சிலிருந்து மெழுகுவர்த்திக்குப் போகிறதா, டீச்சர்?" என்று கேட்டாள். திரும்ப ஓட்டிப் பார்த்தேன். முதல் கதிரைப் பிம்பத்தின் பக்கமிருந்து தொடங்கி வரைந்திருக்கிறேன். வரையும்போது அந்த முனை கைக்கு எட்டியது, அங்கிருந்து தொடங்கிவிட்டேன். மென்பொருள் அதை அப்படியே நம்பிவிட்டது.

கோப்பைத் திறந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். 1 செ.மீ.க்கு 10 அலகு, லென்சு இடமிருந்து 400இல், அச்சு மேலிருந்து 200இல் என்று வைத்துக்கொண்டால், முதல் கதிர் கீழே முதல் வரியில் உள்ளதுபோல் இருக்க வேண்டும். இரண்டாவது வரி நான் செய்த பிழை.

```
<path d="M100 140 L400 140 L550 230"/>
<path d="M550 230 L400 140 L100 140"/>
```

`M` என்பது பேனாவை வைக்கும் இடம். `L` என்பது அங்கிருந்து இழுத்துச் செல்லும் இடம். இரண்டு வரியும் திரையில் ஒரே படத்தைத் தரும். முதலாவதில் ஒளி மெழுகுவர்த்தியின் நுனியில் புறப்படுகிறது, இரண்டாவதில் பிம்பத்தில் புறப்படுகிறது. இங்க்ஸ்கேப்பில் கோட்டைத் தேர்ந்தெடுத்து `Path > Reverse` கொடுத்தால் திசை மாறிவிடும். ஆனால் எந்தக் கோடு தலைகீழ் என்று நிலையான படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் இப்போது எல்லாக் கோடுகளுக்கும் முனையில் தற்காலிகமாக அம்புக்குறி வைத்து, ஒருமுறை சரிபார்த்த பிறகே அதை நீக்குகிறேன். வரிசைக்கும் இதே கவனம் வேண்டும். அடியில் இருக்கும் கோடு முதலில் வரையப்படும். மெழுகுவர்த்தி அழகாக மேலே தெரியட்டும் என்று அதை மேலடுக்குக்கு உயர்த்தினால், கதிர்கள் வந்து முடிந்த பிறகு மெழுகுவர்த்தி முளைக்கும்.

தமிழ் எழுத்துகளில் இன்னொரு சிக்கல். "குவியம்" என்று தட்டச்சு செய்து `Path > Object to Path` மூலம் கோடாக மாற்றினால் கிடைப்பது எழுத்தின் விளிம்பு. கை அந்த விளிம்பைச் சுற்றிச் சுற்றி வரும், எழுதுவதுபோல் இருக்காது. கையெழுத்தாகவே தோன்ற வேண்டுமானால் ஒவ்வொரு எழுத்தையும் பேனாக் கருவியால் ஒற்றைக் கோடாக வரைய வேண்டும். என் கருத்து, அந்த உழைப்பு வேண்டியதில்லை. பெயர்கள் எழுதப்படாமல் சட்டென்று தோன்றட்டும். ஒரு சொல் எழுத்தெழுத்தாக உருவாவதைப் பார்ப்பதால் ஒளிவிலகல் பற்றி எதுவும் புரியப்போவதில்லை. கண் அங்கே காத்துக்கிடக்கும்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகு மென்பொருள் ஒரு நன்மை தருகிறது. அது பெரிய நன்மை. குரலை முதலில் பதிவு செய்துவிட்டு, ஒவ்வொரு கோட்டையும் தனிப் படமாகச் சேர்த்து, அதற்கு எத்தனை விநாடி என்று கொடுக்கலாம். "அச்சுக்கு இணையாக வரும் கதிர்" என்று நான் சொல்லி முடிக்கும் அதே கணத்தில் கோடு லென்சைத் தொடும்படி செய்யலாம். அடுத்த ஆண்டு மெழுகுவர்த்தியை 20 செ.மீ. தொலைவுக்கு மாற்ற வேண்டுமானால் எண்களை மாற்றினால் போதும்.

கேமரா வழிக்கு வருகிறேன். ஃபியோரெல்லா, மேயர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், டாப்ளர் விளைவைப் பற்றிய பாடத்தை ஆசிரியர் படம் வரைந்தபடி விளக்குவதையும், வரைந்து முடித்த படத்தைக் காட்டி விளக்குவதையும் ஒப்பிட்டார்கள். முன்னறிவு குறைந்த மாணவர்களுக்கு வரைவதைப் பார்த்தது உதவியது. கை தெரிவதற்கும் அதில் பங்கு உண்டு என்று சொன்னார்கள். இதைக் காட்டி மென்பொருளின் கைப்படத்தை நியாயப்படுத்துபவர்களை நான் ஏற்கவில்லை. அந்த ஆய்வில் இருந்தது ஆசிரியரின் உண்மையான கை. அது தயங்கும், நிற்கும், சுட்டிக்காட்டும். ஒட்டிவைத்த கைப்படம் எல்லாக் கோட்டையும் ஒரே தோரணையில் இழுக்கும்.

ஆனால் அந்த உண்மையான கையே படத்தை மறைக்கவும் செய்கிறது. ஒளி இடமிருந்து வலமாகச் செல்கிறது. வலக்கையால் வரையும்போது, கதிர் போகவேண்டிய இடம் முழுவதும் கைக்கு அடியில் இருக்கிறது. கதிர் லென்சில் வளையும் அந்த ஒரு கணம்தான் பாடத்தின் உயிர். அதை என் விரல்கள் மறைத்துவிட்டன. கேமராவைத் தாளின் மேல்விளிம்புப் பக்கம் நகர்த்தி, பேனாவைச் சற்றுப் பின்னால் பிடித்து, லென்சைத் தொட்டதும் கையை ஒருமுறை விலக்கியபோது ஓரளவு சரியாயிற்று. விளக்கு இடப்பக்கம் இருந்தால் கையின் நிழல் வரைந்த கோட்டின் மேல் விழாது. செல்பேசிக் கேமராவில் வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் கை உள்ளே வரும்போதெல்லாம் வெள்ளைத் தாள் ஒரு முறை மங்கி ஒரு முறை வெளுக்கும். பளபளக்கும் பலகையைவிடப் பெரிய தாள் நல்லது, விளக்கின் ஒளி திரும்பி அடிக்காது.

பிழையின் விலையும் இங்கே அதிகம். இரண்டாவது கதிர் லென்சின் மையத்திலிருந்து சற்று விலகினாலும் வெட்டும் புள்ளி இடம் மாறிப் பிம்பம் 15 செ.மீ.யில் விழாது, மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டும். அதனால் கேமராவுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய பென்சில் கோடுகளை முன்பே போட்டுவைத்தேன். வேகமும் தொந்தரவு. வரைய 6 நிமிடம், குரல் 2 நிமிடம் என்றால் மொத்தத்தையும் மும்மடங்கு வேகமாக ஓட்டத் தோன்றும். அப்படிச் செய்தால் கதிர்கள் மின்னி மறையும், அச்சு வரையும் நேரமோ அப்போதும் வீணாகும். பகுதி பகுதியாக வெட்டி, அச்சையும் லென்சையும் வேகமாக்கி, கதிர்களை இயல்பான வேகத்திலேயே விட வேண்டும்.

டேப்லெட்டைத்தான் நான் கடைசியில் கைக்கொண்டேன். கை தெரியாது என்பது இழப்புதான், ஆனால் எதுவும் மறைவதில்லை. கோட்டின் திசை என் கையிலேயே இருக்கிறது. ஒளி போகும் பக்கமே பேனா போகிறது, கோப்பைத் திறந்து திருப்ப வேண்டிய தேவை இல்லை. தவறினால் அழித்துவிட்டு மீண்டும் வரையலாம், வெட்டும்போது அந்தப் பகுதி போய்விடும். பின்னணியில் மங்கலான கட்டங்களை வைத்து, ஒரு கட்டம் 5 செ.மீ. என்று கொண்டால் மெழுகுவர்த்தி ஆறாவது கட்டத்தில், பிம்பம் மூன்றாவது கட்டத்தில் என்று மாணவர்களே எண்ணிப் பார்ப்பார்கள். ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். பேனாவை முடிவில் அழுத்திப் பிடித்தால் கோணலான கோடு தானாக நேராகும் வசதி சில செயலிகளில் உண்டு. பதிவில் அது கதிர் திடீரென்று துள்ளி இடம் மாறுவதாகத் தெரியும். அளவுகோல் கருவியை வைத்து வரைவதே நல்லது.

இந்த மூன்றில் எதனாலும் முடியாத ஒன்று இருக்கிறது. மெழுகுவர்த்தியை லென்சை நோக்கி மெல்ல நகர்த்த, பிம்பம் எதிர்ப்பக்கம் விலகி ஓடுவதை வரைந்து காட்ட முடியாது. ஒவ்வொரு நிலைக்கும் அழித்து வரைந்தால் ஓட்டம் போய்விடும். அதற்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் செய்த, நகரும் படமே சரி. அதை வீடியோவின் நடுவே அரை நிமிடம் சேர்த்துக்கொள்கிறேன்.

மெழுகுவர்த்தி 5 செ.மீ. தொலைவுக்கு வந்துவிட்ட நிலையை மட்டும் கட்டாயம் கையால் வரைகிறேன். அங்கே லென்சைக் கடந்த கதிர்கள் விரிந்து போகும், வெட்டுவதே இல்லை. அவற்றைப் பின்னோக்கி நீட்டினால்தான் மெழுகுவர்த்தியின் பக்கமே 10 செ.மீ. தொலைவில், நேராக, இருமடங்கு பெரிதாக மாயபிம்பம் கிடைக்கும். இந்த ஒரு இடத்தில் கோடு வலமிருந்து இடமாகப் போவதுதான் சரி. மென்பொருளில் புள்ளிக்கோட்டைக் கொடுத்தபோது அது முழுக்கோடாக வரையப்பட்டது. சிறுசிறு துண்டுகளாக நறுக்கி ஒவ்வொன்றின் திசையையும் திருப்ப வேண்டியிருந்தது. டேப்லெட்டில் விரிந்துபோகும் கதிர்களை வரைந்து முடித்துப் பேனாவை எடுத்தேன். ஒரு நொடி பேசாமல் இருந்தேன். பிறகு நிறத்தை மாற்றி லென்சிலிருந்து பின்னோக்கிப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே, "ஒளி இந்த வழியே வரவில்லை, கண்தான் இப்படி நினைத்துக்கொள்கிறது" என்று சொன்னேன்.