அப்பாவின் லாக்கரும் நூறு மடங்கு வாடகையும்

நண்பர் ஒருவர் வங்கி லாக்கர் எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு லாக்கர் உண்டு. அவர் போன பிறகு நாமினியாக அம்மா அதைத் திறந்தார், இப்போதும் அதே கிளையில் வைத்திருக்கிறோம். அதனால் பதில் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

முதலில் கோபம். வங்கிக்கு உங்கள் லாக்கருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. தெரியாத பொருளுக்கு அது காப்பீடும் எடுக்காது. முன்பெல்லாம் எது தொலைந்தாலும் வங்கி கையை விரித்துவிடும். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் அப்படித் தப்பிக்க முடியாது என்று சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி புதிய விதிகளை வெளியிட்டது. அதன்படி தீ விபத்து, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிந்து விழுவது, வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால், ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும்.

நூறு மடங்கு என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டு வாடகை 2,000 ரூபாய் என்றால் பொறுப்பு 2 லட்சம். இன்றைய விலையில் அதற்கு மூன்று பவுன்கூட வராது. இன்னும் எரிச்சலான விஷயம், இந்தத் தொகைக்கும் உள்ளே இருக்கும் நகைக்கும் சம்பந்தமே இல்லை. அதே அளவு லாக்கருக்குப் பெருநகரக் கிளையில் வாடகை 4,000 என்றால் அங்கே 4 லட்சம். சிறிய ஊர்க் கிளையில் வாடகை குறைவு, பொறுப்பும் குறைவு. அக்காவின் நெக்லஸும் தங்கையின் நெக்லஸும் ஒரே எடையாக இருக்கலாம், எந்த ஊர்க் கிளையில் இருக்கிறது என்பதை வைத்து வங்கி தரும் தொகை பாதியாகிவிடும்.

அப்புறம் வெள்ளம், நிலநடுக்கம், இடி மின்னல். இவற்றால் நகை போனால் வங்கிக்குப் பொறுப்பே இல்லை. தன் இடத்தைப் பாதுகாக்கத் தேவையான கவனம் எடுத்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஆகவே லாக்கர் அறை தரைத்தளத்திலா, தரைக்குக் கீழேயா என்று பார்த்துவிட்டு எடுங்கள். கீழ் வரிசை லாக்கர் கொடுத்தால் யோசியுங்கள். தண்ணீர் வந்தால் முதலில் நனைவது அதுதான். போதாததற்கு ஒவ்வொரு முறையும் தரையில் உட்கார்ந்துதான் திறக்க வேண்டும். எங்கள் லாக்கர் கீழ் வரிசைதான். அம்மாவின் முழங்காலுக்கு அது ஒரு தண்டனை.

உள்ளே இருக்கும் நகைக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் தனியாக நகைக் காப்பீடு எடுக்க வேண்டும். வங்கி லாக்கரில் இருக்கும் நகைக்கும் சேர்த்துப் பாலிசி தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் மதிப்பீட்டுச் சான்று கேட்டால் கொடுக்க பில்லும் படமும் கையில் இருக்கட்டும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: லாக்கர் பொருளுக்கான காப்பீட்டை விற்க வங்கிக்கு அனுமதி இல்லை. கவுண்டரில் யாராவது "இந்தப் பாலிசி எடுத்தால்தான் லாக்கர்" என்றால் எழுத்தில் கேளுங்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். பெரிய தொகைக்கு எஃப்டி போடச் சொல்வதும் இதே வகைதான். புதிதாக எடுப்பவரிடம் மூன்று வருட வாடகையும் உடைத்துத் திறக்கும் செலவும் சேர்ந்த அளவுக்கு மட்டும்தான் டெபாசிட் கேட்கலாம். தொடர்ந்து மூன்று வருடம் வாடகை வராவிட்டால் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு லாக்கரை உடைத்துத் திறக்க வங்கிக்கு உரிமை உண்டு. இந்த டெபாசிட் அதற்குத்தான்.

இனி நாமினி விஷயம். இதில்தான் வங்கி என்னை ஆச்சரியப்படுத்தியது. லாக்கர் அப்பா பெயரில் மட்டும் இருந்தது, அம்மா நாமினி. இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், கோரிக்கைப் படிவம், சாவி. வாரிசுச் சான்றிதழோ நீதிமன்ற உத்தரவோ கேட்கவில்லை. நாமினி பதிவாகியிருந்தால் கேட்கவும் கூடாது. ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்கள். வங்கிக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகள் முன்னால் அதிகாரி மாஸ்டர் சாவியைத் திருப்ப, அம்மா எங்கள் சாவியைப் போட்டுத் திறந்தார்.

உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பட்டியல் எழுதினார்கள். "மஞ்சள் நிற உலோக வளையல், நான்கு" என்று அதிகாரி எழுதியதும் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தங்கம்னு எழுதுங்க தம்பி, எங்க கல்யாண வளையல்" என்றார். அவர் பொறுமையாக, தங்கம் என்று சொல்ல வங்கிக்கு அதிகாரம் இல்லை, கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுத முடியும் என்றார். அரக்கு முத்திரை வைத்த துணிப் பொட்டலம் ஒன்று இருந்தது. அதைப் பிரிக்காமல் பொட்டலம் என்றே எழுதிக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. பட்டியலில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். முழுக்க மரியாதையாக நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் கடைசியில் நீட்டிய தாள் அம்மாவைத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன், லாக்கர் காலி, வேறொருவருக்குக் கொடுக்க ஆட்சேபமில்லை என்று எழுதித் தர வேண்டும். நாமினி என்றால் லாக்கர் அப்படியே தன் பெயருக்கு மாறும் என்று அவர் நினைத்திருந்தார். அப்படி இல்லை. நாமினிக்குக் கிடைப்பது பொருளை எடுக்கும் உரிமை. அந்தப் பொருளும் அவருக்கே சொந்தமாகிவிடாது, வாரிசுகள் சார்பில் பெற்றுக்கொள்கிறார் என்றுதான் சட்டம் பார்க்கிறது. லாக்கர் தொடர்ந்து வேண்டுமானால் புதிய ஒப்பந்தம், புதிய கேஒய்சி. அம்மாவின் பெயரில் மறுபடி எடுத்தோம். அதே கீழ் வரிசைதான்.

இதற்கெல்லாம் எளிய வழி, கணவன் மனைவி இருவர் பெயரிலும், இருவரில் யாராவது ஒருவரோ உயிரோடிருப்பவரோ திறக்கலாம் என்ற முறையில் எடுப்பது. அப்படி எடுத்திருந்தால் இறப்பைத் தெரிவித்துவிட்டு அம்மா வழக்கம்போலத் திறந்திருக்கலாம், நாமினியின் பேச்சே வராது. இருவரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் கதை வேறு. ஒருவர் இறந்ததும், மீதி இருப்பவரும் நாமினியும் சேர்ந்து வந்தால்தான் திறப்பார்கள். நாமினி வெளிநாட்டில் இருக்கும் மகன் என்றால் அவர் வரும்வரை அம்மா காத்திருக்க வேண்டியதுதான். ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியை யாரும் படிப்பதில்லை.

2025 நவம்பரிலிருந்து நான்கு நாமினிகள் வரை எழுதலாம். டெபாசிட்டுக்குப் போலப் பங்கு பிரித்து எழுத முடியாது, லாக்கருக்கு வரிசைப்படிதான். முதலில் இருப்பவர் உயிரோடு இல்லாவிட்டால்தான் அடுத்தவருக்கு உரிமை. படிவம் கொடுத்ததற்கு ஒப்புகை கேட்டு வாங்குங்கள், அதைக் கொண்டுபோய் லாக்கருக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள்.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: இந்தப் பணத்துக்கு இது நியாயமான சேவை இல்லை, எடுக்க வேண்டாம். அவர் உடனே, "அப்போ நீங்கள்?" என்றார். இந்த வருட வாடகையைப் போன வாரம்தான் கட்டினேன். நகையை வீட்டு பீரோவில் வைத்தால் எனக்குத் தூக்கம் வராது. மேல் வரிசையில் ஏதாவது காலியானால் சொல்லச் சொல்லி மேனேஜரிடம் எழுதியும் கொடுத்திருக்கிறேன்.