இடது மோதிர விரலும் ஆறு வார ஸ்பிளிண்ட்டும்: ஒரு வருஷத்துக்கு அப்புறம் எழுதுகிறேன்

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை எனக்கு. போன வருஷம் கத்தியைக் கல்லில் தீட்டும்போது வழுக்கி இடது மோதிர விரலின் அடியில் இறங்கிவிட்டது. ஊரில் எல்லோரும் நரம்பு அறுந்துபோச்சு என்றார்கள், உண்மையில் அறுந்தது விரலை மடக்கும் தசைநாண்.

தசைநாணைத் தைத்த நான்காம் நாள், கைக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கையைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் செய்து மாட்டினார். புறங்கைமேல் கூரை போட்டது மாதிரி இருக்கும். மணிக்கட்டு லேசாக, விரல் அடி மூட்டுகள் நன்றாக மடங்கி, விரல்கள் மட்டும் கூரையை ஒட்டி நேராக. கை முழுசாக நிமிர்ந்து தையலை இழுத்துவிடாமல் இருக்கத்தான் இது. ஆறு வாரம் இரவும் பகலும், குளிக்கும்போதுகூட பாலிதீன் கவரைக் கட்டிக்கொண்டு. அடுத்த இரண்டு வாரம் தூங்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் மட்டும்.

விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பயிற்சி. வலது கையால் அந்த விரலை மூட்டு மூட்டாக உள்ளங்கைக்கு மடக்கணும், பத்து தடவை. அப்புறம் விரல் தானாக நிமிர்ந்து கூரையைத் தொடணும், அதுவும் பத்து. தையலின் வலுவைப் பார்த்துச் சிலரை முதல் வாரமே சொந்த பலத்தில் லேசாக மடக்கச் சொல்வார்களாம். எனக்கு நான்காவது வாரம்தான்.

நான் கோட்டை விட்டது இரவில். வேர்க்குது, அரிக்குது என்று பட்டையைத் தளர்த்திவிட்டுத் தூங்கினேன், விரல் சுருண்டே கிடந்தது. மூன்றாவது வாரம் பார்த்தால் விரலுக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சிரட்டைக் கனம் இடைவெளி.

"அண்ணே, மடங்குறதையே பார்த்துட்டு நிமிர்றதை விட்டுட்டீங்களே" என்றார் தெரபிஸ்ட். அளந்தால் நடு மூட்டு 20 டிகிரி குறை. இழுத்து நிமிர்த்தவில்லை. அடி மூட்டை இன்னும் கொஞ்சம் மடக்கிப் பிடித்துக்கொண்டு நடு மூட்டை மட்டும் நிமிர்த்தச் சொல்லிக் கொடுத்தார், அப்படிச் செய்தால் தையலில் இழுவை குறைவு. இரவில் விரலைக் கூரையோடு சேர்த்துப் பட்டை. எட்டாவது வாரம் 5 டிகிரிக்கு வந்தது, அந்த 5 இன்னும் இருக்கிறது.

இன்னொரு கூத்து, ஏழாவது வாரம் ஸ்பிளிண்ட்டைக் கழற்றி வெயிலில் நின்ற பைக் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அது சூட்டில் இளகும் பிளாஸ்டிக், வளைவு போய்விட்டது. திரும்ப வடித்து வாங்கவேண்டியதாயிற்று.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மறு கையால் மடக்கினால் முழுசாக மடங்கி, தானாக மடங்காவிட்டால் பெரும்பாலும் தசைநாண் தழும்பில் ஒட்டியிருக்கும், பயிற்சியை மாற்றித் தருவார்கள். நேற்றுவரை மடங்கிய நுனி இன்றைக்குத் திடீரென்று அசையவே இல்லையென்றால் தையல் விட்டிருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போகணும்.

எட்டாவது வாரம் ஸ்பாஞ்சை அமுக்கினேன், பன்னிரண்டு முடிந்துதான் பால் வாளி தூக்கினேன். இப்போதும் நுனி முழுசாக மடங்காது, மழைக்கால விடிகாலையில் விறைக்கும். வாளிக் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கியிருக்கிறேன், பிடி வழுக்குவதில்லை.