அறிவித்த ஒத்திகையா, திடீர் ஒத்திகையா? பாடசாலைக் கட்டடத்தில் எது எதைக் காட்டிக்கொடுக்கும்

பாடசாலையில் வெளியேற்ற ஒத்திகை நடத்த மூன்று வழிகள் இருக்கின்றன. நாளையும் நேரத்தையும் எல்லோருக்கும் சொல்லிவிட்டு நடத்துவது ஒன்று. யாருக்கும் சொல்லாமல் மணியை அடித்துவிடுவது இன்னொன்று. “இந்த வாரத்தில் ஒரு நாள்” என்று மட்டும் சொல்லி, கட்டடத்துக்குள் ஒரு தடங்கலை ஒளித்து வைப்பது மூன்றாவது. மூன்றிலும் பிள்ளைகள் இறங்கி மைதானத்துக்கு வருகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் வெளிக்கொண்டுவரும் குறை வேறு.

கொழும்பில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே, குறுக்கு ஒழுங்கை ஒன்றில் இருக்கும் ஒரு பாடசாலையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். நிலத்தளத்துக்கு மேல் மூன்று மாடி, மாடிக்கு நான்கு வகுப்பு, வகுப்புக்கு 35 பிள்ளைகள். மொத்தம் 420 பேர். இரண்டு படிக்கட்டுகள். முன்படி கேற்றுப் பக்கம், பின்படி மலசலகூடப் பக்கம். இரண்டும் 1.2 மீற்றர் அகலம்.

ஒத்திகைக்கு முன்பே இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படியில் இறங்குபவர்கள் சுவரையும் கைபிடியையும் ஒட்டி நடப்பதில்லை. இரு பக்கமும் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் வீணாகிறது. மிஞ்சும் 0.9 மீற்றரில், நெரிசல் முற்றாமல் ஓடினால், செக்கனுக்கு ஏறக்குறைய 0.9 ஆள் இறங்கலாம். இரண்டு படியிலும் பாதிப் பாதியாகப் பிரிந்தால் 210 பேருக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. எல்லோரும் முன்படிக்கே போனால் எட்டு நிமிடத்தை நெருங்கும். இது தோராயக் கணக்குத்தான், ஆனாலும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒத்திகை முடிந்ததும் “ஆறு நிமிடத்தில் இறக்கிவிட்டோம்” என்று கைதட்டுவதற்கு முன், நான்கு ஏன் ஆறானது என்று கேட்க இந்தக் கணக்குத்தான் உதவும்.

அறிவித்த ஒத்திகை

இது வழியைக் கற்பிக்கும். எந்த வகுப்பு எந்தப் படி, மைதானத்தில் எங்கே நிற்பது, யார் முன்னால், யார் பின்னால் என்பதெல்லாம் இதில்தான் பழக்கமாகும். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கும், புதுக் கட்டடத்துக்கு மாறிய முதல் தவணையிலும் இதைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது.

குறையைக் கண்டுபிடிக்க மட்டும் இது அநேகமாக உதவாது. காலையிலேயே கேற்றின் சங்கிலி அவிழ்ந்திருக்கும். மணி அடிப்பவர் மணிக்குப் பக்கத்திலேயே நிற்பார். இடாப்பு ஆசிரியர் கையில் இருக்கும். மலசலகூடத்தில் ஒரு பிள்ளையும் இருக்காது. விஞ்ஞான ஆய்வுகூடத்தில் அன்றைக்கு மட்டும் செய்முறை நடக்காது. ஒத்திகை ஒப்பனை போட்டுக்கொண்டுவிட்டதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு: மணி அடித்து அரை நிமிடத்துக்குள் மேல்மாடி வகுப்பு ஒன்று வரிசையாகப் படியில் நிற்குமானால், அவர்கள் மணிக்கு முன்பே எழுந்துவிட்டார்கள்.

திடீர் ஒத்திகை

இதன் பலம் முதல் இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. மணி கேட்டதற்கும் முதல் வகுப்புக் கதவு திறந்ததற்கும் இடையில் என்ன நடந்தது என்பதை வேறெந்த முறையும் நேர்மையாகக் காட்டாது. பாடவேளை மாறும்போது அடிக்கும் அதே மின்மணியை அபாயத்துக்கும் அடித்தால், ஆசிரியர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வார்கள். ஒருவர் வராந்தாவுக்கு வந்து அடுத்த வகுப்பைப் பார்ப்பார். அடுத்த வகுப்பும் இவரைப் பார்க்கும். தீ விபத்துகளில் நேரத்தைத் தின்பது நடையைவிட இந்தத் தயக்கம்தான். இன்னொன்று: மின்சாரம் துண்டிக்கப்பட்டால் அந்த மணியே ஒலிக்காது. மாடிக்கு ஒரு கைமணி இல்லாத பாடசாலையில் இதையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை கொழும்பில் கொஞ்சம் அதிகம். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு, பாடசாலையிலிருந்து பிள்ளைகள் ஓடி வருகிறார்கள் என்ற ஒரு வட்ஸ்அப் செய்தி போதும். பத்து நிமிடத்தில் ஒழுங்கை முழுக்கப் பெற்றோரின் ஓட்டோக்கள் நிற்கும். அயல்வீட்டார் 110க்கு அழைத்தால் தீயணைப்பு வண்டி வேறொரு தேவையை விட்டுவிட்டு இங்கே வரும். ஆகவே “யாருக்கும் சொல்லாமல்” என்பது மாணவருக்கும் ஆசிரியருக்கும் மட்டும்தான். பொலிஸ் நிலையத்துக்கும் தீயணைப்புப் படைக்கும் அக்கம்பக்கத்துக்கும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பெற்றோருக்குப் போகும் செய்தியை எழுதி வைத்து, மணி அடித்த நிமிடத்திலேயே அனுப்ப வேண்டும். வலிப்பு, இதய நோய், கடும் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பட்டியலை வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்கினால் இரகசியம் போய்விடும்; சுகாதாரப் பதிவேட்டிலிருந்து எடுத்து, அந்தப் பிள்ளைகள் இறங்கும் படியில் ஒருவரை நிறுத்த வேண்டும். அறிவித்த ஒத்திகையை ஒழுங்காக இரண்டு தடவை முடிக்காத பாடசாலை இதில் இறங்கினால், கிடைப்பது குறைகளின் பட்டியல் அல்ல, சுளுக்கிய கால்கள்தான்.

தடங்கலை ஒளித்து வைப்பது

எமது தெரிவு இதுதான். வாரம் தெரியும், மணி கேட்டால் அது ஒத்திகை என்பதும் தெரியும். ஆகவே பீதி குறைவு. என்ன பழுதாகும் என்பது மட்டும் தெரியாது. ஒரு தடவைக்கு இரண்டு தடங்கலுக்கு மேல் வைக்கக்கூடாது. மூன்று, நான்கு வைத்தால் எந்தக் குழப்பம் எதனால் வந்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

மேலே சொன்ன கட்டடத்தில் இப்படி வைக்கலாம். முன்படியில், முதலாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் இடையிலுள்ள திருப்பத்தில், பெரியவர் இருவர் சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு “இங்கே புகை, வழி இல்லை” என்று மட்டும் சொல்வார்கள். இரண்டாம் மாடி 9சி வகுப்பிலிருந்து மலசலகூடத்துக்குப் போன ஒரு மாணவனை, பொறுப்பாளர் ஒருவர் கூடவே இருந்து, மணிக்கு முன் நூலகத்தில் அமர்த்திவிடுவார்.

முதல் தடங்கலில் பார்க்க வேண்டியது துணிக்கு முன்னால் நிற்கும் வகுப்பை அல்ல, அதற்குப் பின்னால் வரும் வகுப்பை. முன்னால் நிற்பவர்கள் உடனே திரும்புவார்கள். பின்னால் மேல்மாடியிலிருந்து இறங்கி வருபவர்களுக்குச் செய்தி போகாது; இரண்டு வரிசையும் ஒரே படியில் எதிரெதிராக முட்டும். இங்கேதான் ஒருவர் விழுவார். முட்டல் தொடங்கினால் துணியை எடுத்துவிட வேண்டும். குறை தெரிந்துவிட்டது, அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. வராந்தாவின் இரு முனையிலும் ஓர் ஆசிரியர் நின்று கையசைத்து வழிமாற்றும் ஏற்பாடு இருக்கிறதா இல்லையா என்பதே இங்கே கிடைக்கும் விடை.

இரண்டாவது தடங்கலில் இரண்டு நேரங்களைக் குறிக்க வேண்டும்: ஒருவர் குறைகிறார் என்று தெரிந்த நேரம், அது யார் என்று பெயர் சொன்ன நேரம். இரண்டும் ஒன்றல்ல. “34 பேர்தான் நிற்கிறார்கள்” என்று வகுப்பாசிரியர் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஆனால் இன்றைக்கு வந்தவர்கள் 34ஆ, 35ஆ? இடாப்பு முதல் பாடவேளை முடிந்ததும் அலுவலகத்துக்குப் போயிருந்தால் பதில் சொல்ல ஆள் இல்லை. அதைவிட மோசமானது, ஆசிரியர் இடாப்பை எடுக்கக் கட்டடத்துக்குள் திரும்ப ஓடுவது.

பார்ப்பவர்கள்: சுற்றி நடப்பவரா, ஓரிடத்தில் நிற்பவரா?

சுற்றி நடக்கும் பார்வையாளர் எல்லாவற்றையும் கொஞ்சம் பார்ப்பார், ஒன்றையும் நேரத்தோடு பார்க்க மாட்டார். இந்தக் கட்டடத்துக்கு ஆறு பேரை ஆறு இடத்தில் நிறுத்தினால் போதும்: மேல்மாடி வராந்தா, இரண்டு படிகளின் அடி, அலுவலகம், கேற், மைதானம். காலையில் ஆறு பேரும் கடிகாரத்தை ஒன்றாகச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பிரிவில் படிப்பிக்கும் ஆசிரியரைப் பார்வையாளராகப் போடக்கூடாது. பிள்ளைகள் அவரிடம் வழி கேட்பார்கள், அவரும் சொல்லிவிடுவார்.

எழுத வேண்டியது நேரமும் கண்டதும் மட்டும். “9.42.10, 8பி கதவு திறந்தது. 9.43.05, 8பி ஆசிரியர் திரும்பிப் போய்க் கைப்பையை எடுத்தார்.” “8பி மெதுவாகச் செயற்பட்டது” என்று எழுதினால் அந்தத் தாள் பிறகு சண்டைக்குத்தான் உதவும். படியின் அடியில் கைபேசியை நிறுத்திப் படம் எடுப்பது எண்ணிக்கைக்கு நல்லது. அலுவலகத்தில் 110ஐ அழைப்பது யார் என்று இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதை அது காட்டாது. அங்கே ஆள்தான் வேண்டும். உண்மையில் யாராவது விழுந்தால் மூன்று நீண்ட விசில், எல்லாம் நிற்கும். இதை எல்லோருக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

கேற்றில் நிற்பவருக்கு ஒரு மேலதிக வேலை: தீயணைப்பு வண்டி உள்ளே வர மூன்றரை மீற்றராவது வழி இருக்கிறதா என்று அளப்பது. ஒன்றுகூடும் இடத்தை கேற்றுக்கு நேரே வைத்திருக்கும் பாடசாலைகள் ஏராளம். 420 பேர் நிற்கும் இடத்தால்தான் வண்டி வரவேண்டும். பாடசாலை விடும் நேரத்தில் ஒழுங்கையில் வான்கள் இரு பக்கமும் நின்றால், அதற்கு முன்பே அது காலி வீதியில் நின்றுவிடும்.

பிறகு பேசுவது

மைதானத்திலேயே ஒலிவாங்கியைப் பிடித்து அதிபர் பாராட்டிப் பேசுவது ஒரு வழி. அதோடு கதை முடிந்துவிடும்; அதற்குப் பிறகு குறை சொல்ல எந்த ஆசிரியரும் வாய் திறக்கமாட்டார். ஒரு வாரம் கழித்து அறிக்கை எழுதுவது இன்னொன்று. அதற்குள் மணி கேட்டதா இல்லையா என்பதே மறந்துபோகும். அன்றைக்கே, பாடசாலை விட்டதும், அரை மணி நேரம் உட்காருவதே பயன் தருவது.

முதல் பத்து நிமிடம் ஆறு தாள்களையும் கரும்பலகையில் ஒரே நேரக்கோடாக எழுத வேண்டும். பிறகு காவலாளி, சிற்றூழியர், மாணவ தலைவர், ஆசிரியர் என்ற வரிசையில் பேசி, அதிபர் கடைசியாகப் பேச வேண்டும். காவலாளி சிங்களம் மட்டும் பேசுபவராக இருந்தால், மொழிபெயர்க்க ஒருவரைப் பக்கத்தில் இருத்த வேண்டும். கேற்றைப் பற்றிய உண்மை அவரிடம்தான் இருக்கிறது.

9சி மாணவனின் பெயர் தெரிய பதினொரு நிமிடம் ஆனது என்று வைப்போம். “ஆசிரியர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்” என்று தீர்மானம் எழுதினால் அடுத்த தடவையும் பதினொரு நிமிடம்தான். இடாப்பு ஏன் கையில் இல்லை என்று கேட்டால், அது அலுவலகத்துக்குப் போகும் வழக்கம் வெளியே வரும். அப்போது தீர்வு சாதாரணமானது: வகுப்புப் பெயர்ப்பட்டியலை நெகிழிக்குள் வைத்துக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவது, அதில் தினமும் வராதவரின் பெயரை மாணவ தலைவர் அழிக்கக்கூடிய பேனையால் குறிப்பது, இறங்கும்போது ஆசிரியர் அதைக் கையோடு எடுப்பது. இதற்குப் பகுதித் தலைவர் பொறுப்பு. திகதி ஒன்றும் போட வேண்டும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க மறுபடி முழுப் பாடசாலையையும் இறக்கத் தேவையில்லை. இரண்டு வாரத்துக்குள் 9சியை மட்டும், வகுப்பாசிரியர் வராத ஒரு நாளில், பதில் ஆசிரியரோடு இறக்கிப் பாருங்கள். கேற்றின் திறப்பையும் அப்படித்தான்: வழக்கமான காவலாளி விடுமுறையில் இருக்கும் நாளில், தேநீர் வேளையில் போய், பூட்டைத் திறக்கச் சொல்லி நேரத்தைக் குறியுங்கள்.