நல்ல பிஷப்பை வைத்துக்கொள்வதா, d5-க்கு ஒரு குதிரையா?

நாகர்கோவிலில் வார இறுதியில் செஸ் படிக்க வரும் பிள்ளைகளுக்குள் அடிக்கடி எழும் வாதம் இது. நல்ல பிஷப்பை எதிராளியின் குதிரைக்குக் கொடுத்து, நம் குதிரையை பலகையின் நடுவில் d5 கட்டத்தில் நிறுத்தலாமா, கூடாதா? "நல்ல பிஷப்பை விடக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்று மார்த்தாண்டத்திலிருந்து வரும் பெண் கேட்டாள். "சொன்னேன் மக்ளே. ஆனா d5-ஐ இப்ப யாரெல்லாம் காக்குறாங்கன்னு எண்ணிப் பாரு" என்றேன். என் பதில் முழுவதும் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

ஒரு பிஷப் நல்லதா கெட்டதா என்பதை நம் சொந்தச் சிப்பாய்கள்தான் முடிவு செய்கின்றன. நடுவில் நகர முடியாமல் நிற்கும் நம் சிப்பாய்கள் பிஷப்பின் நிறத்துக் கட்டங்களிலேயே இருந்தால் அது கெட்டது, மாற்று நிறத்தில் இருந்தால் நல்லது. அவுட்போஸ்ட் என்பது எதிராளியின் எந்தச் சிப்பாயும் இனி வந்து விரட்ட முடியாத, நம் சிப்பாய் ஒன்று தாங்கிப் பிடிக்கும் கட்டம்.

இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க, பின்னாளில் உலகச் சாம்பியனான ஸ்மிஸ்லோவ் 1945-ல் மாஸ்கோவில் ருடகோவ்ஸ்கியோடு வெள்ளையில் ஆடிய, சிசிலியன் தொடக்கம் கொண்ட ஆட்டத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 14-வது நகர்வு முடிந்த நிலையைப் பலகையில் அடுக்கிப் பாருங்கள். வெள்ளையின் முன்னணிச் சிப்பாய்கள் e4, f5-ல், கறுப்பின் நடுச் சிப்பாய்கள் d6, e5-ல். கறுப்பின் e7 பிஷப் தன் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்ட கெட்ட பிஷப். வெள்ளையின் e3 பிஷப்போ, சிப்பாய்கள் வெள்ளைக் கட்டங்களில் நிற்பதால், விதிப்படி நல்ல பிஷப். கறுப்பின் c சிப்பாய் தொடக்கத்திலேயே மாறிப் போய்விட்டது, e சிப்பாய் e5-க்குத் தாண்டிவிட்டது. ஆகவே d5-ஐ எந்தக் கறுப்புச் சிப்பாயும் தொட முடியாது.

முதல் வழி, பிஷப்பை e3-லேயே விட்டுவிட்டு c3 குதிரையை உடனே d5-ல் வைப்பது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நிற்காது. f6 குதிரை அதை வெட்டும். e4 சிப்பாயால் திருப்பி வெட்டினால், c4-ல் நிற்கும் கறுப்பு ராணி அந்தச் சிப்பாயையும் எடுத்துக்கொள்ளும். கட்டம் நமதுதான், ஆனால் அதற்குக் காவல் இன்னும் தீரவில்லை.

இரண்டாவது வழி ஸ்மிஸ்லோவ் ஆடியது. 15-ல் பிஷப்பை g5-க்குக் கொண்டுபோனார், 16-ல் f6 குதிரையை வெட்டினார். கறுப்பு பிஷப்பால் திருப்பி வெட்டியதும், 17-ல் குதிரை d5-ல் ஏறியது. ஏறிய கணமே f6 பிஷப்பையும் c7 கட்டத்தையும் ஒன்றாகத் தாக்குகிறது. c7-க்குப் போனால் a8, e8 யானைகள் இரண்டும் மாட்டும். கறுப்பு பிஷப் d8-க்கு ஒதுங்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு அந்த பிஷப்புக்கு d5-ல் ஒரு வேலையும் கிடையாது, ஏனென்றால் அது கறுப்புக் கட்டத்து பிஷப். ஸ்மிஸ்லோவ் c3, b3 ஆடி ராணியைத் தள்ளிவிட்டு, 21-ல் யானையை f3-க்குக் கொண்டுவந்தார். 22-ல் f6 சிப்பாயைத் தள்ளி, அடுத்து ராணியை h4-க்கு அனுப்பி ராஜா பக்கம் தாக்கினார். 24 வரை குதிரை d5-ஐ விட்டு அசையவே இல்லை. 28-வது நகர்வில் கறுப்பு விட்டுக்கொடுத்தது.

கறுப்பு எங்கே தவறியது? 13-ல். வெள்ளை f5 தள்ளியபோது, e6 பிஷப்பைக் c4-க்குக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டார். d5-ஐக் காக்கக்கூடிய ஒரே பிஷப் அதுதான். அதை d7 வழியாக c6-ல் வைத்திருந்தால் கதை வேறு. குதிரை d5-க்கு வந்தால் பிஷப் வெட்டும், வெள்ளை e சிப்பாயால் திருப்பி வெட்டும், d5-ல் குதிரைக்குப் பதில் ஒரு சிப்பாய் நின்று அடைத்துக்கொள்ளும். அதோடு e4-ல் சிப்பாய் இல்லாததால் கறுப்பின் e5 சிப்பாய் முன்னேற வழி பிறக்கும், அதன் பின்னால் முடங்கிய பிஷப்புக்கு நீண்ட பாதை திறக்கும். கெட்ட பிஷப் நல்லதாகிவிடும்!

ஆகவே நான் பிள்ளைகளிடம் கேட்கச் சொல்வது இதைத்தான்: என் குதிரையை எதிராளி எதால் வெட்ட முடியும், நான் எதால் திருப்பி வெட்டுவேன்? சிப்பாயால்தான் திருப்பி வெட்ட வேண்டும் என்றால், நல்ல பிஷப்பைக் கொடுப்பதில் அவசரம் வேண்டாம். ஸ்மிஸ்லோவ் நிலையில் d5 குதிரையை வெட்டக் கறுப்பிடம் ராணியும் யானையும்தான் மிஞ்சின. அவற்றைக் குதிரைக்குக் கொடுக்க யார் துணிவார்?

பிஷப்பே மேல் என்று நான் சொல்லும் நிலைகளும் உண்டு. நடுவில் சிப்பாய்கள் மாறிப்போய், இரண்டு ஓரங்களிலும் சிப்பாய் ஓட்டம் நடக்கும் கடைசி ஆட்டத்தில், பிஷப் ஒரே நகர்வில் மறுபக்கம் போய்விடும், குதிரை இரண்டு மூன்று நகர்வு எடுக்கும். கெட்ட பிஷப்பும் சிப்பாய்ச் சங்கிலிக்கு வெளியே வந்துவிட்டால், நிறத்தை மட்டும் பார்த்து அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.