ரெண்டு கிலோ முளை வேணும்னா பச்சப்பயிறு எவ்வளவு, கொண்டக்கடலை எவ்வளவு?

எங்க தோட்டத்து கோயில்ல வெள்ளிக்கிழமை சுண்டலுக்கு முளகட்டுன பயிறு ரெண்டு கிலோ வேணும்னாங்க, பச்சப்பயிறா கொண்டக்கடலையான்னு முடிவு பண்ணல. அதனால ரெண்டுலயும் அரை கிலோ அரை கிலோ எடுத்து ஊறப்போட்டு நிறுத்துப் பாத்தேன்.

பச்சப்பயிறு எட்டு மணி நேரம் ஊறி வடிச்சதும் 1050 கிராம் வந்துச்சு, ஈரத்துணியில கட்டி ஒரு நாள் வச்சு வால் அரை இஞ்ச் வந்தப்ப 1200 கிராம். அதாவது காஞ்சதுக்கு 2.4 மடங்கு. கொண்டக்கடலைய பன்னண்டு மணி நேரம் ஊறவச்சேன், ஊறுனதுமே சரியா ஒரு கிலோ, அப்புறம் ஒன்றரை நாள் கட்டி வச்சும் 1030 கிராம்தான், 2.06 மடங்கு.

இந்த வித்தியாசம்தான் முக்கியம். கடல எடுக்க வேண்டிய தண்ணிய ஊறும்போதே எடுத்து முடிச்சிடுது, முள விடுறதால எடை பெருசா ஏறாது, அதனால ஒரு நாள் கூட விட்டா நெறைய கெடைக்கும்னு காத்திருக்க வேணாம். பச்சப்பயிறு அப்படியில்ல, வால் நீள நீள தண்ணிய இழுத்துக்கிட்டே போகும், தண்ணி ஊத்தி ஊத்தி அஞ்சு நாள் வளத்தா பசார்ல விக்கிற தவ்கே மாதிரி பல மடங்கு ஆயிடும். ஆனா அது கூடுறது தண்ணிதான், பருப்போட சத்து இல்ல, சுண்டலுக்கு குட்ட வால்தான் நல்லா இருக்கும்.

கணக்கு லேசு, வேணுங்குற எடைய மடங்கால வகுங்க. 2000-ஐ 2.4-ஆல வகுத்தா பயிறு 833 கிராம், 2.06-ஆல வகுத்தா கடல 971 கிராம். அதோட கழிவும் சேக்கணும், பயிறுல ஊறாம கல்லு மாதிரி நிக்கிறது கொஞ்சம் இருக்கும், கடலைல முளைக்காம பிசுபிசுன்னு ஆவுறது இன்னும் கொஞ்சம் கூட. நான் பயிறு 900 கிராம், கடல ஒரு கிலோ நூறு கிராம்னு போடுவேன்.

எடை பாக்கும்போது நல்லா வடிஞ்சிருக்கணும், வடிகட்டியில பத்து நிமிஷம் வச்சிட்டு நிறுங்க, இல்லன்னா ஒட்டிக்கிட்டு இருக்குற தண்ணியே மடங்க ஏத்திக் காட்டிடும்.

நம்ம ஊரு வெக்கைக்கு கடலைல கவனம் வேணும். ஊறுற தண்ணிய நடுவுல ஒரு தடவ மாத்துங்க, கட்டுன பிறகு ஒரு நாளைக்கு மூணு நாலு தடவ அலசுங்க. போன மாசம் நான் அலசாம ராத்திரி முழுக்க விட்டுட்டேன், காலைல துணிய அவுத்தா நுரையும் புளிச்ச வாடையும், தொட்டா வழவழன்னு இருந்துச்சு, மொத்தத்தையும் கொட்ட வேண்டியதா போச்சு. பயிறு முள சீக்கிரம் விடுறதால அவ்வளவு வம்பு பண்ணாது, அதான் வெள்ளிக்கிழமைக்கு பயிறே போடலாம்னு அத்தைகிட்ட சொல்லிட்டேன், புதன்கிழமை ராத்திரி 900 கிராம் ஊறப்போட்டா வெள்ளி காலைல ரெடி.

பழைய சரக்கா இருந்தா இந்த மடங்கு வராது, புதுப் பாக்கெட் வாங்குனா முதல்ல நூறு கிராம் ஊறப்போட்டு முளைக்க விட்டு நிறுத்துப் பாத்துக்குங்க, அந்தப் பாக்கெட்டுக்கு அதுதான் கணக்கு.