கையெழுத்து வினாத்தாளை வேர்டில் அடிக்க: டேபா, டேபிளா?

திருவல்லிக்கேணி பக்கம் டிடிபி கடைகளில் வினாத்தாள் அடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கேள்வியை அடித்து டேப் தட்டி வலது ஓரத்தில் மதிப்பெண் போடுவது. இன்னொன்று, கோடு தெரியாத மூன்று பத்தி டேபிள்.

ஏ4 தாளில் இருபுறமும் 2 செ.மீ. விட்டால் எழுத்துக்கு 17 செ.மீ. கிடைக்கும், அதனால் வலது டேபை 17-இல் வைக்கலாம். ஒரு வரிக் கேள்விகளுக்கு இது போதும், வேகமும் அதிகம். ஆனால் ஏழாம் கேள்வி இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: (அ) வரையறு, 3 மதிப்பெண், (ஆ) படம் வரைந்து விளக்கு, 5. (ஆ) நீண்டு கடைசி வரி ஓரம் வரை போய்விட்டால் அந்த 5 தனியாக அடுத்த வரிக்கு இறங்கிவிடும். சிலர் ஸ்பேஸ் தட்டியே நகர்த்துவார்கள், ஃபான்ட் மாற்றினால் அத்தனையும் கலைந்துவிடும்.

டேபிளில் 1, 14.5, 1.5 செ.மீ. என்று பத்திகளைப் பிரித்தால் கேள்வி தன் கட்டத்துக்குள்ளேயே மடங்கும், மதிப்பெண் அசையாது. முதல் பத்தியில் தானியங்கி எண் கொடுத்து, (அ), (ஆ), 'அல்லது' வரிசைகளில் மட்டும் அதை எடுத்துவிடுங்கள். ஆசிரியர் நாலாம் கேள்வியை நீக்கச் சொல்லி அந்த வரிசையை அழித்தாலும் மற்ற எண்கள் தானாகச் சரியாகும். ஒரு தொல்லை, கேள்வி பாதியில் அடுத்த பக்கம் போகும், அதற்கு Allow row to break across pages டிக்கை எடுக்க வேண்டும்.

உட்பிரிவு இருந்தாலே நான் டேபிள்தான்.