நூல் கடனும் இசட் ஸ்கோரும்: ஒன்பது வருடம் பயன்படுத்திய அனுபவம்

ஈரோட்டில் ஒரு நூல் வியாபார நிறுவனத்தில், வாடிக்கையாளர்களுக்குக் கடன் வரம்பு போடுவது என் வேலை. துணி தயாரிப்பாளர்களுக்கு 60 நாள் கெடுவில் நூல் கொடுக்கிறோம். யாருக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்று பார்க்க, ஒரு நிறுவனம் திவாலாகும் ஆபத்தில் இருக்கிறதா என்று அதன் கணக்கை வைத்துச் சொல்லும் ஆல்ட்மேன் இசட் ஸ்கோரை ஒன்பது வருடமாகப் பயன்படுத்துகிறேன். இன்னும் விடவில்லை. ஆனால் ஆரம்பத்தில் பயன்படுத்திய விதத்தை விட்டுவிட்டேன்.

நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஆல்ட்மேன் 1968இல் இதை வெளியிட்டார். திவாலான 33 அமெரிக்க உற்பத்தி நிறுவனங்களையும் திவாலாகாத 33 நிறுவனங்களையும் ஒப்பிட்டு, இரண்டு கூட்டத்தையும் நன்றாகப் பிரித்துக் காட்டும் ஐந்து விகிதங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுத்தார். அது பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்களுக்கானது. நம்மிடம் வருபவை பிரைவேட் லிமிடெட்கள் என்பதால், அவர் பின்னால் கொடுத்த இந்த வடிவம்தான் பொருந்தும்:

```
Z' = 0.717*X1 + 0.847*X2 + 3.107*X3 + 0.420*X4 + 0.998*X5
```

X1 நடைமுறை மூலதனம், X2 சேர்ந்த லாபம், X3 வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம், X5 விற்பனை. இவை நான்கையும் மொத்தச் சொத்தால் வகுக்க வேண்டும். X4 மட்டும் சொந்த நிதியை மொத்தக் கடன் பொறுப்புகளால் வகுத்தது. 2.90க்கு மேல் பாதுகாப்பு, 1.23க்குக் கீழே ஆபத்து, நடுவில் இருப்பது சந்தேகப் பகுதி.

எனக்குப் பாடமான கணக்கு இது. ஒரு துணி தயாரிப்பாளர். சொத்து 20 கோடி, விற்பனை 36 கோடி, நடைமுறை மூலதனம் 4 கோடி, சேர்ந்த லாபம் 3 கோடி, வட்டிக்கு முந்தைய லாபம் 1.6 கோடி, சொந்த நிதி 5 கோடி, கடன் பொறுப்புகள் 15 கோடி. ஸ்கோர் 2.46 வந்தது. சந்தேகப் பகுதிதான், ஆனால் மேல் எல்லைக்குப் பக்கம். வரம்பைக் குறைக்காமல் நூல் அனுப்பினோம். அடுத்த ஆகஸ்டில் பணம் வருவது நின்றுவிட்டது.

அப்புறம்தான் பேலன்ஸ் ஷீட்டின் குறிப்புகளை வரி வரியாகப் படித்தேன். வர வேண்டிய பாக்கி எவ்வளவு பழையது என்ற அட்டவணையை 2021-22 முதல் கம்பெனிகள் கொடுத்தாக வேண்டும். அதில் 3 கோடி இரண்டு வருடத்துக்கு மேல் நின்ற பாக்கி. நான் மொத்தத் தொகையை மட்டும் எடுத்துச் சூத்திரத்தில் போட்டிருந்தேன்.

சரி, அந்த 3 கோடியைக் கழித்துப் பார்ப்போம் என்று மறுபடி போட்டேன். சொத்து 17 கோடி, நடைமுறை மூலதனம் 1 கோடி, சேர்ந்த லாபம் பூஜ்யம், சொந்த நிதி 2 கோடி. நஷ்டம் பழைய வருடங்களுடையது என்பதால் இந்த வருட லாபத்தைத் தொடவில்லை. ஸ்கோர் 2.50! சேர்த்துவைத்த லாபம் முழுக்கப் போன பிறகு ஸ்கோர் கூடியிருக்கிறது. மூன்று தடவை சரிபார்த்தேன், கணக்கில் தப்பில்லை.

காரணம் X5. முதலில் வந்த 2.46இல் 1.80 விற்பனையிலிருந்து மட்டும் வந்தது. சொத்து சுருங்கினால் வகுக்கும் எண் சிறிதாகிறது, X5 1.80இலிருந்து 2.12 ஆகிவிடுகிறது. அந்த ஏற்றம் மற்ற விகிதங்களின் வீழ்ச்சியை மூடிவிடுகிறது. குறைந்த லாபத்தில் வேகமாகச் சரக்கைச் சுழற்றும் நம் தொழிலில் எல்லாருக்கும் X5 பெரிதாகத்தான் இருக்கும். இருப்பவரையும் விழப்போகிறவரையும் அது பிரித்துக் காட்டாது.

தொழிலுக்குத் தொழில் மாறும் இந்த விற்பனை விகிதத்தை எடுத்துவிட்டு ஆல்ட்மேனே இன்னொரு வடிவம் கொடுத்திருக்கிறார்:

```
Z'' = 6.56*X1 + 3.26*X2 + 6.72*X3 + 1.05*X4
```

இதில் 2.60க்கு மேல் பாதுகாப்பு, 1.10க்குக் கீழே ஆபத்து. அதே நிறுவனத்துக்கு, கொடுத்த கணக்கின்படி 2.69. பழைய பாக்கியைக் கழித்தால் 1.16. பாதுகாப்பிலிருந்து ஆபத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இதை இரண்டு முறை போடுகிறேன்: கொடுத்த கணக்குக்கு ஒரு தடவை, ஒரு வருடம் தாண்டிய பாக்கியையும் நகராத சரக்கையும் கழித்து இன்னொரு தடவை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி பெரிதாக இருந்தால், ஸ்கோர் எவ்வளவு என்பதை விட அந்த இடைவெளியைத்தான் நம்புகிறேன்.

இதிலும் தீராத குறை, தாமதம். மார்ச் 31 கணக்கு அக்டோபர் கடைசியில்தான் பொதுவில் பார்க்கக் கிடைக்கிறது. அந்த ஏழு மாதத்துக்கு எந்த எடையும் உதவாது. அதனால் மாதாமாதம் ஜிஎஸ்டி தளத்தில் 3பி ரிட்டர்ன் தாக்கல் தேதியைப் பார்க்கிறேன். தொடர்ந்து இரண்டு மாதம் தள்ளிப்போனால், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் அடுத்த லோடு பணம் வந்த பிறகுதான்.